மூன்று சீட்டா, ஆறு சீட்டா?

பத்தாவது முடித்துவிட்டு சயின்ஸா, காமர்ஸா, ஆர்ட்ஸா என்று குழம்புகிறவருக்கு டாரட் சீட்டு விரித்துக் குறி பார்க்கும்போது, பலரும் பிரிவுக்கு ஒன்றாக மூன்று சீட்டு வைப்பார்கள். சீக்கிரம் முடியும், ஆனால் ஒரு கோளாறு உண்டு. ஆர்ட்ஸ் இடத்தில் கப்ஸ் பத்து வந்தால், வானவில்லுக்குக் கீழே குடும்பம் ஆடுகிற அந்தச் சீட்டு கேட்கிறவருடைய ஆசையைச் சொல்கிறதா, வேலையைச் சொல்கிறதா? தெரியாது. கேட்கிறவர் தனக்குப் பிடித்ததையே அதில் படித்துக்கொள்வார்.

நான் ஆறு சீட்டுதான் வைப்பேன். மேல்வரிசை மூன்றும் ஆசை, கீழ்வரிசை மூன்றும் பிழைப்பு. சீட்டைத் திருப்பும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும், அப்புறம் மாற்றக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வைத்தபோது சயின்ஸுக்கு மேலே ஸ்வார்ட்ஸ் எட்டு, கண்ணும் உடம்பும் கட்டப்பட்டு நிற்கிற பெண். கீழே பெண்டகிள்ஸ் பத்து, வசதியான குடும்பம். ஆர்ட்ஸுக்கு மேலே கப்ஸ் ஏஸ், நிரம்பி வழிகிற கோப்பை. கீழே பெண்டகிள்ஸ் ஐந்து: பனியில் இரண்டு ஏழைகள், தலைக்கு மேலே வெளிச்சமான ஜன்னல். காமர்ஸில் மேலே கப்ஸ் நான்கு, நீட்டிய கோப்பையைக் கவனிக்காத பையன். கீழே பெண்டகிள்ஸ் மூன்று, மற்ற இருவர் பார்க்க வேலை செய்கிற கைவினைஞன்.

“யாரு அக்கா என்னைக் கட்டிப்போட்டது?” என்று கேட்டாள். மூன்று சீட்டில் அந்தக் கேள்வி வந்திருக்காது. மார்க் போதுமா, எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்பதெல்லாம் ஆறு சீட்டிலும் வராது, அதற்கு மார்க் ஷீட்டைத்தான் விரிக்க வேண்டும்.