போர் தண்ணீர் வீட்டுக்கு எந்த கீசர்: 15 லிட்டர் டேங்க்கா, 3 லிட்டர் இன்ஸ்டன்ட்டா?

போன மாதம் தங்கைக்கு மேடவாக்கம் பக்கம் வாடகை வீடு தேடினோம். ஓனர்கள் அனுப்பிய பாத்ரூம் படங்களில் ஒன்றில் சுவரில் உருண்டையான 15 லிட்டர் கீசர், இன்னொன்றில் செருப்புப் பெட்டி அளவில் 3 லிட்டர் இன்ஸ்டன்ட். "அக்கா, இதுல எது நல்லது?" என்று கேட்டாள். நான் முதலில் பெரிதாக்கிப் பார்த்தது கீசரை அல்ல, குழாயின் மூக்கை. இரண்டு படத்திலும் தண்ணீர் விழும் வாயைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. அது போர் தண்ணீரின் உப்பு. குழாய் வாயில் ஒட்டுகிற அதே சுண்ணாம்பு கீசருக்குள்ளும் ஒட்டும், சுடவைக்கிற இடம் என்பதால் இன்னும் வேகமாகவே ஒட்டும்.

விலை, இடம், வேகம் மூன்றிலும் 3 லிட்டர் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. கரன்ட் செலவிலும் பெரிய வித்தியாசம் கிடையாது, ஏனென்றால் ஒரு பக்கெட் தண்ணீரைச் சுடவைக்கத் தேவைப்படும் சூடு எதில் வைத்தாலும் ஒன்றுதான். டேங்க் கீசரை அணைக்காமல் விட்டால்தான் வீண். சென்னைக்கு இன்ஸ்டன்ட் போதாது என்று சிலர் சொல்வதும் சரியில்லை. மார்கழி விடியலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்று வைத்துக்கொண்டால்கூட, 3 கிலோவாட் ஹீட்டர் 15 லிட்டர் பக்கெட்டை 40 டிகிரிக்கு நிரப்ப ஆறு நிமிடம் போதும். குழாயை முழுசாகத் திறந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், மெல்லத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். கேஸ் கீசரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூடிய பாத்ரூமுக்குள் அது கார்பன் மோனாக்சைடு கக்கினால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு, மடிப்பாக்கத்தில் என் வீட்டுக்கு 15 லிட்டர்தான் வாங்கினேன். ஒரே காரணம், அதைத் திறந்து சுத்தம் செய்யலாம்.

எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 200 வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை போகலாம். ஒரு நாளைக்கு 30 லிட்டர் கீசர் வழியாகப் போனால் அதில் கரைந்திருப்பது 15 கிராம், வருடத்துக்கு ஐந்தரை கிலோ. எல்லாமே படியாது, பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். ஆனால் பத்தில் ஒரு பங்கு உள்ளே தங்கினாலே அரைக் கிலோவுக்கு மேல் ஆகிறது. அது முதலில் படிவது மிகச் சூடான இடமான ஹீட்டர் காயில் மேல்தான். படிந்த சுண்ணாம்பு சூட்டைத் தண்ணீருக்கு விடாது, காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒரு நாள் வெடிப்பு விடும்.

வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தபோது எங்களிடம் இருந்தது 3 லிட்டர் இன்ஸ்டன்ட். இரண்டாவது வருடத்திலேயே தண்ணீர் சுட்டுக்கொண்டிருக்கும்போது சூடு டக்கென்று நின்றுவிடும், பத்து நிமிடம் கழித்து மறுபடி வரும். மூன்று லிட்டர் டேங்க்குக்குள் 3000 வாட் காயில், அதன் மேல் சுண்ணாம்பு, அதனால் சூடு மிஞ்சினால் தானாக அணைக்கிற கட்அவுட் அடிக்கடி விழுந்திருக்கிறது. திறந்து பார்த்த எலக்ட்ரீசியன், "அக்கா, இதுல காயில் டேங்க்கோட சேர்த்து வெல்டிங் பண்ணியிருக்கு, தனியா வராது. டேங்க்கையே மாத்தணும்" என்றார். டேங்க் விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும், அதனால் தூக்கிப் போட்டோம். எல்லா இன்ஸ்டன்ட்டும் இப்படி இல்லை, காயில் தனியாகக் கழலும் மாடல்களும் உண்டு. நான் பயன்படுத்தியது இந்த ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

15 லிட்டர் கீசரில் அடிமூடியைக் கழற்றினால் ஒரு வட்டத் தகடு, அதைச் சுற்றி போல்ட்டுகள் இருக்கும். காயில், தெர்மோஸ்டாட் குழாய், ஆனோடு ராடு எல்லாம் அந்தத் தகட்டிலேயே வெளியே வந்துவிடும். எங்களுடையதை வாங்கி இரண்டரை வருடம் திறக்கவே இல்லை. அப்புறம் போட்டவுடன் உள்ளே பால் காய்கிற மாதிரி 'ஸ்ஸ்' சத்தம் வர ஆரம்பித்தது. 2 கிலோவாட் கீசர் 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 17 நிமிடம்தான் ஆக வேண்டும், எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. இரண்டு பேர் குளித்த இடத்தில் இரண்டாவது ஆளுக்குப் பாதியிலேயே பச்சைத் தண்ணீர் வந்தது.

எலக்ட்ரீசியன் தம்பியை வைத்துத் திறந்தோம். எம்சிபியை அணைத்து, தண்ணீர் ஆறியதும் உள்ளே வரும் வால்வை மூடினார். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் டேங்க் காலியாகாது, ஏனென்றால் சுடுதண்ணீர் டேங்க்கின் உச்சியிலிருந்துதான் வெளியே போகும். அதைத் திறந்து வைத்து, கீழே பச்சைத் தண்ணீர் நுழையும் இணைப்பைக் கழற்றினால் மேலே காற்று புகுந்து முழுசும் வடியும். தகட்டை இறக்கியபோது கூடவே உடைந்த முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள் பக்கெட்டில் கொட்டின, இரண்டு மக் இருக்கும். காயில் விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தது. ஆனோடு ராடு இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கம்பி மட்டும் தொங்கியது.

அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் பயந்தேன். ஆனோடு என்பது மக்னீசியம். டேங்க் துருப்பிடிப்பதற்குப் பதிலாக அது தன்னைக் கரைத்துக்கொள்ளும், உப்பு கூடிய தண்ணீரில் சீக்கிரமே கரையும். தீர்ந்துவிட்டால் அடுத்து அரிப்பது டேங்க்கைத்தான், டேங்க் ஓட்டையானால் ரிப்பேர் கிடையாது. ராடோ சில நூறு ரூபாய்.

காயிலில் ஒட்டியதைச் சுரண்டவில்லை. ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட், அதான் கடையில் எலுமிச்சை உப்பு என்று தருவார்களே, அதைக் கரைத்து மூழ்க வைத்தோம். நுரைத்துக்கொண்டே மெல்ல இளகிச் செம்பு தெரிந்தது. டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள், உலோகத்தையே தின்றுவிடும். புது ராடு, புது ரப்பர் கேஸ்கெட் போட்டு மூடினோம். பழைய கேஸ்கெட்டையே மாட்டினால் போல்ட் வழியாகக் கசியும். டேங்க் முழுசாக நிரம்பி சுடுதண்ணீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும், காலி டேங்க்கில் போட்டால் காயில் அங்கேயே முடிந்தது.

இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும் திறக்கிறோம், தெர்மோஸ்டாட்டை 75லிருந்து 55க்கு இறக்கியிருக்கிறோம், சூடு குறைந்தால் படிவதும் குறையும். ஊருக்குப் போய் வந்தால் மட்டும், தேங்கிய தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கலாம் என்பதால், ஒருமுறை 60க்கு மேல் ஏற்றிக் காய்ச்சிவிட்டுக் குளிக்கிறோம். கடைசியாகத் திறந்தபோது அரை மக் சில்லுதான் வந்தது.

மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டில் இந்தக் கணக்கு மாறலாம், அப்படிப்பட்ட வீட்டில் நான் இருந்ததில்லை. கிச்சன் சிங்க்குக்கோ, இரண்டு வருடத்தில் காலி செய்யப்போகும் வீட்டுக்கோ இன்ஸ்டன்ட் போதும் என்றுதான் சொல்வேன். தங்கை 15 லிட்டர் இருந்த வீட்டையே எடுத்தாள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரிடம் ஒரே ஒரு படம் கூடுதலாகக் கேட்கச் சொன்னேன், கீசரின் அடிப்பக்கத்தைக் கீழிருந்து எடுத்தது. அடிமூடியின் விளிம்பில் துரு ஒழுகிய கோடு எதுவும் இல்லை. ராடு கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஓனருக்குத் தெரியவில்லை, அதனால் குடிபோன வாரமே திறக்கச் சொல்லியிருக்கிறேன்.