பத்திரத்தை வைத்தா, சம்பளத்தை வைத்தா: 15 லட்சம் கடனில் ஒரு ஆறரை வருடக் கோடு

தங்கை கல்யாணத்துக்கு 15 லட்சம் குறைகிறது என்று ஒரு தம்பி இரண்டு தாள்களோடு என்னைப் பார்க்க வந்தார். நான் சில வருடங்கள் கடன் பிரிவில் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். அதனால் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை காட்டிவிட்டுப் போவார்கள். முதல் தாள் தனிநபர் கடன்: வட்டி 13 சதவீதம், ஐந்து வருடம், மாதத் தவணை 34,130 ரூபாய். இரண்டாவது, அப்பா பெயரில் இருக்கும் வீட்டின் மேல் சொத்து அடமானக் கடன்: வட்டி 10 சதவீதம், பதினைந்து வருடம், மாதத் தவணை 16,119 ரூபாய். தம்பிக்குக் கைக்கு வரும் சம்பளம் 85,000.

"வட்டியும் கம்மி, இஎம்ஐயும் பாதிக்குப் பாதி. இதுல யோசிக்க என்ன இருக்குண்ணே?" என்றார்.

யோசிக்க இருப்பது மூன்றாவது எண்ணில், அதாவது வருடக் கணக்கில். தனிநபர் கடனில் ஐந்து வருடத்தில் அவர் கட்டும் வட்டி சுமார் 5,48,000. அடமானக் கடனைப் பதினைந்து வருடமும் இழுத்தால் வட்டி மட்டும் 14 லட்சத்தைத் தாண்டுகிறது. வாங்கிய அசலுக்குக் கிட்டத்தட்ட சமமான தொகை அது. இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். அடமானக் கடனில் ஐந்து வருடம் ஒழுங்காகத் தவணை கட்டினால் 9,67,000 கட்டியிருப்பார். அப்போது அசலில் கழிந்திருப்பது 2,80,000 மட்டும். மீதி 12,20,000 அப்படியே நிற்கும். தனிநபர் கடன் எடுத்திருந்தால் அதே மாதத்தில் கணக்கே முடிந்திருக்கும்.

அப்படியானால் குறைந்த வட்டி என்பதே பொய்யா? இல்லை. அந்த லாபம் எத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் கேள்வி. அதே 15 லட்சத்தை 10 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் அடைத்தால் வட்டி 4,12,000 தான். ஏழு வருடம் ஆக்கினால் தவணை 24,900, வட்டி 5,92,000. இப்போதே தனிநபர் கடனை மிஞ்சிவிட்டது. இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய ஆறரை வருடம். இந்த இரண்டு வட்டி விகிதங்களுக்கும் அதுதான் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வீட்டை வைப்பது மலிவு; அந்தப் பக்கம் போனால் வீட்டையும் வைத்து, கூடுதல் வட்டியும் கட்டுகிறோம். தள்ளிக் கட்டும் பணத்தின் மதிப்பு குறையுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மிச்சமாகும் 18,000 ரூபாயை மாதாமாதம் தவறாமல் ஒதுக்கி, வரி போக 10 சதவீதம் ஈட்டுகிறவருக்கு அது பொருந்தும். நான் பார்த்த வீடுகளில் அந்தப் பணம் வீட்டுச் செலவோடு கரைந்துதான் போகும்.

கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தாலும் எவ்வளவு மிச்சம்? தம்பி அடமானக் கடனை எடுத்து, தனிநபர் கடனுக்கான அதே 34,130 ரூபாயையே மாதாமாதம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 55 மாதத்தில் முடிந்துவிடும். வட்டி சுமார் 3,76,000, மிச்சம் 1,72,000. இதில் ஆரம்பச் செலவைக் கழிக்க வேண்டும். சொத்துக் கடனுக்கு வக்கீல் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் செலவு என்று தனியாக உண்டு. இரண்டு கடனுக்கும் உள்ள ப்ராசஸிங் கட்டண வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்ததில், அவருக்கு நிகர மிச்சம் ஒன்றரை லட்சம் அளவில் நின்றது. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 2,500 ரூபாய். அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டைப் பிணையிலிருந்து தள்ளி வைக்க அவர் கொடுக்கும் விலை அவ்வளவுதான். இப்படிக் கேட்டதும் தம்பி தாளை மடித்து வைத்துவிட்டார்.

இனி, தவணை கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 90 நாள் பாக்கி நின்றால் இரண்டு கடனுமே வாராக்கடன்தான். பாதை பிரிவது அதன் பிறகு. வீட்டை அடமானம் வாங்கிய வங்கிக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் கையில் இருக்கிறது. 13(2) பிரிவின் கீழ் 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்குள் பாக்கி தீரவில்லை என்றால், சிவில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வங்கி சொத்தைக் கைப்பற்றலாம், ஏலம் விடலாம். கைப்பற்றும் நடவடிக்கையை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக நமக்கு 45 நாள். வீட்டுச் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பு, செய்தித்தாளில் வரும் விளம்பரம், இரண்டிலும் அப்பாவின் பெயர் இருக்கும்.

தனிநபர் கடனில் முதலில் அடிபடுவது சிபில் மதிப்பெண். தொடர்ந்து வசூல் அழைப்புகள். கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கித் தவணை திரும்பினால், காசோலை திரும்புவதற்கு உள்ளதைப் போன்ற குற்றவழக்குக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் சொத்தில் கைவைக்க அவர்கள் முதலில் நடுவர் மன்றமோ நீதிமன்றமோ போய் உத்தரவு வாங்கியாக வேண்டும். சம்பளத்தைப் பிடிக்க உத்தரவு வந்தாலும், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவால் காக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பிணை இல்லாத கடன் என்றால் வீட்டைத் தொடவே முடியாது என்று நினைக்கிறார்கள். கடன் வாங்கியவர் பெயரிலேயே வீடு இருந்தால், தீர்ப்புக்குப் பிறகு அதையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். வித்தியாசம், அதற்கு ஆகும் காலமும் நடுவில் பேசித் தீர்க்கக் கிடைக்கும் இடமும்தான். தம்பியின் விஷயத்தில் வீடு அப்பா பெயரில். தனிநபர் கடனில் அப்பா கையெழுத்தே போடாததால், அவர் வீடு இதற்குள் வராது.

இருந்தாலும் அடமானக் கடனின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 34,130 ரூபாய் தவணை சம்பளத்தில் 40 சதவீதம். இரண்டு மாதம் வேலை இல்லை என்றால் அது உடனே தடுமாறும். 16,119 ரூபாயை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆக, தனிநபர் கடனில் தவறும் வாய்ப்பு அதிகம், தவறினால் இழப்பது கொஞ்சம் குறைவு. அடமானக் கடனில் தவறும் வாய்ப்பு குறைவு, தவறினால் இழப்பது வீடு. வருமானம் ஏறி இறங்கும் வியாபாரிக்கும், தனிநபர் கடன் தவணை கையில் வருவதில் பாதியைத் தாண்டுகிறவருக்கும் நான் அடமானக் கடனைத்தான் சொல்வேன், வீடு அவருடையதாகவே இருந்தால். அப்பா வீட்டை வைப்பது என்றால், அதில் பிற்பாடு உரிமை உள்ள அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரிடமும் முன்பே பேசிவிட வேண்டும். கல்யாணமாகிப் போகும் தங்கைக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு. அவள் கல்யாணத்துக்காக வைத்த கடனே பின்னால் பாகப் பிரிவினையில் முள்ளாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடமானக் கடன்தான் என்று முடிவு செய்தவர்களுக்குச் சிலவற்றை அழுத்திச் சொல்வேன். வட்டி மாறும் வகையில் எடுங்கள், கடனின் நோக்கத்தைக் குடும்பச் செலவு என்று உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். தனிநபர் ஒருவர் தொழில் அல்லாத தேவைக்கு மாறும் வட்டியில் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தனிநபர் கடன் பெரும்பாலும் நிலையான வட்டியில் வருவதால் அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. பதினைந்து வருடம் என்று எழுதி வாங்கிவிட்டு ஐந்து வருடத்தில் அடைக்க வழி இருப்பது சொத்துக் கடனின் உண்மையான பலம். போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டினால்தான் அது பலம்.

மாறும் வட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. வட்டி 10-லிருந்து 11 ஆகும்போது பெரும்பாலும் தவணைத் தொகையைத் தொடமாட்டார்கள், மாதங்களைத்தான் நீட்டுவார்கள். கடனின் ஆரம்பத்திலேயே இந்த ஒரு சதவீதம் ஏறினால் 180 தவணை 210 ஆகிவிடும். மாதாமாதம் கணக்கிலிருந்து போகும் தொகை மாறாததால் யாருக்கும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை கடன் கணக்கு அறிக்கையை எடுத்து, மீதித் தவணைகள் எத்தனை என்ற வரியைப் பாருங்கள். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டிக்கொள்ளும் வாய்ப்பை வங்கி உங்களுக்குத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே தெரியும். பத்து வருடம் கழித்து விற்கப் போகும்போது அது முட்டுக்கட்டை போடும்.

அவசர மருத்துவச் செலவாக இருந்தால் இந்த ஒப்பீடே எழாது. சொத்துக் கடனுக்குப் பத்திரம் பார்த்து, மதிப்பிட்டு, பதிந்து பணம் வர வாரக்கணக்கில் ஆகும். தனிநபர் கடன் ஓரிரு நாளில் வந்துவிடும்.

தம்பி கடைசியில் தனிநபர் கடனையே எடுத்தார், ஆனால் 15 லட்சத்துக்கு அல்ல. சீட்டுப் பணம் இரண்டரை லட்சம் வரவேண்டியிருந்தது. அதைச் சேர்த்து, மண்டபச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்துக் கடனை 12 லட்சத்தில் நிறுத்தினார்கள். தவணை 27,300. மூன்று மாதத் தவணைக்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்ட பிறகுதான் கையெழுத்து என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கையை வாங்கிப் படித்தோம். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். 13 என்று பேசிய கடன் அதில் 14-ஐத் தாண்டி நின்றது. காரணம் தேடினால், கேட்காத ஒரு காப்பீட்டு பிரீமியத்தைக் கடன் தொகையோடு சேர்த்திருந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். மறுநாள் திருத்திய தாள் வந்தது.