ரெஃபரல் கோடு: இரண்டரை வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை வியாபாரம் பண்ணும் நண்பர் போன வாரம் கூப்பிட்டார். சொந்தமாக ஆப் போடுகிறாராம். வாடிக்கையாளர் தன் கோடைச் சொல்லி இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் பரிசு தருகிற, நான் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் அதே ரெஃபரல் மாடியூல் இப்போது பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது திருப்பூரில் மளிகை டெலிவரி. 2023 தீபாவளிக்கு முன்னால் இந்த மாடியூலைச் சேர்த்தோம். கோடு உருவாக்குவது, வாலட்டில் பணம் ஏற்றுவது, யார் யாரைச் சேர்த்தார்கள் என்று காட்டுவது எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடியே வேலை செய்கிறது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

முதலில் பிடித்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடு ஆறே எழுத்து. பூஜ்யமும் O-வும், ஒன்றும் I-யும் குழம்பும் என்று அந்த நான்கையும் எடுத்துவிட்டிருந்தார்கள். இந்தச் சின்ன அக்கறை எவ்வளவு உதவும் என்று வாங்கும்போது எனக்குத் தெரியாது. எங்கள் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். லிங்க் அனுப்புவதைவிட வாயால் சொல்லி எழுதிக்கொள்வதுதான் அவர்களுக்குச் சுலபம். 2025 ஆகஸ்ட் 25-ல் லிங்க்கைத் தொட்டால் ஆப்புக்குக் கொண்டுபோகும் ஃபயர்பேஸ் டைனமிக் லிங்க் சேவையை கூகுள் நிறுத்தியபோது, மாடியூலின் அழைப்பு லிங்க் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போனது. ப்ளே ஸ்டோர் வழியாகவே கோடைக் கொண்டுபோகும் இன்ஸ்டால் ரெஃபரர் முறைக்கு அவர்கள் மாற்ற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் புது ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள், வாயால் சொன்ன கோடை வைத்து.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். மாடியூல் எந்த நொடியில் காசு கொடுக்கிறது என்பதுதான் பிரச்சினை. ஓடிபி போட்டுப் பதிவு முடிந்த உடனே, புதிதாக வந்தவருக்கு 50 ரூபாய், அழைத்தவருக்கு 50 ரூபாய். ஆர்டர் டெலிவரி ஆன பிறகு கொடு என்று மாற்ற வேண்டுமானால் மேல் திட்டத்துக்குப் போக வேண்டும், அது இரண்டு மடங்கு விலை. நாங்கள் சின்னத் திட்டத்திலேயே இருந்தோம்.

2024 ஐப்பசியில் ஒரு கோடு இரண்டு வாரத்தில் 58 பேரைச் சேர்த்தது. எனக்குச் சந்தோஷம்தான். டெலிவரிக்குப் போகும் பையன்தான் முதலில் சந்தேகப்பட்டான். "அண்ணா, பேரு வேற வேறயா வருதுங்ணா. ஆனா அதே மூணு வீடுதான். எல்லாத்துக்கும் ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட், வேற ஒண்ணும் வாங்கறதில்லீங்" என்றான்.

உட்கார்ந்து பார்த்தோம். கதவு எண் 12/4, 12-4, பழைய எண் 12 என்று விதவிதமாக எழுதியிருந்தது, தெரு ஒன்றே. அந்தக் கோடு ஒரு ரீசார்ஜ் கடைக்காரருடையது. ரீசார்ஜுக்கு வருகிறவர்கள் போனைக் கையில் கொடுப்பார்கள். அந்த நம்பரைத் தன் போனில் உள்ள எங்கள் ஆப்பில் போட்டு, வாடிக்கையாளர் போனுக்கு வரும் ஓடிபியைப் பார்த்து அடித்துவிடுவார். நம்பர் எல்லாம் உண்மையானது, ஆட்களும் உண்மையானவர்கள். ஆனால் தாங்கள் எங்கள் வாடிக்கையாளர் ஆனது அவர்களுக்கே தெரியாது.

கணக்கு இப்படி. 150 ரூபாய் எண்ணெய்க்கு அவர் கையிலிருந்து போவது 100. பக்கத்துப் பெட்டிக்கடையில் 140-க்குத் தள்ளினால் 40 லாபம். அவருடைய சொந்த வாலட்டில் இன்னொரு 50, அதற்கும் எண்ணெய்தான். டெலிவரிக் கட்டணத்தைக் கழிக்காமல் பார்த்தால் ஒரு நம்பருக்கு ஏறக்குறைய 90 ரூபாய். எங்களுக்கு 58 பேருக்கு 5,800 ரூபாய் போனது. ஒரு லிட்டர் எண்ணெயில் எங்களுக்கு நிற்பதே எட்டு ரூபாய்தான்.

மோசடித் தடுப்பு என்று மாடியூலில் ஒரு பகுதி உண்டு. அது ஏன் இவரைப் பிடிக்கவில்லை? அது இரண்டைத்தான் பார்க்கிறது: ஐபி முகவரி, போனின் அடையாள எண்ணான `ANDROID_ID`. மொபைல் டேட்டாவை அணைத்துப் போட்டால் ஐபி மாறிவிடும். `ANDROID_ID` ஆண்ட்ராய்டு 8-லிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும், போனுக்குள் இருக்கும் ஒவ்வொரு யூசர் கணக்குக்கும் வேறு வேறு. ஆப்பை வேறு யூசராகப் பிரதி எடுத்து ஓட்டினால் வேறு எண் வரும், போனை ரீசெட் செய்தாலும் மாறும். அவரிடம் இரண்டு போன்தான் இருந்திருக்கும். மாடியூலுக்கு அவர் ஐம்பத்தெட்டு போன்.

இதே மாதத்தில் நடந்த இன்னொன்றுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. மங்கலம் ரோட்டில் ஒரு பெண்கள் விடுதி. அங்கே தங்கியிருக்கும் ஓர் அக்கா, செக்கிங்கில் வேலை. சனிக்கிழமை வாரக் கூலி வாங்கிவந்த இரவு, விடுதியில் எல்லோரையும் உட்கார வைத்து, தன் கோடைச் சொல்லி 23 பேரைச் சேர்த்துவிட்டார். இரண்டு மணி நேரத்தில் 23 பதிவு, ஒரே விடுதி வைஃபை, ஒரே முகவரி. மாடியூல் அவர் கணக்கைப் பூட்டியது. திரையில் சிவப்பு எழுத்தில் "மோசடி கண்டறியப்பட்டது" என்று அவருக்கே காட்டியது. கூட உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை கடைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, நானுங்களா திருடி? எங்க ஹாஸ்டல் பிள்ளைகளை உங்க கடைக்குக் கூட்டியாந்து விட்டது நானுங்க. அவங்க முன்னாடி இப்படிக் காட்டலாமுங்களா?" என்று கேட்டார். கணக்கைத் திறந்து கொடுத்தேன், மன்னிப்புக் கேட்டேன். அந்த வாசகத்தை மாற்றித் தரும்படி மாடியூல்காரர்களுக்கு எழுதினேன். மாற்ற நான்கு மாதம் ஆனது.

இரண்டு கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பதிவு நேரத்தில் பார்த்தால் அக்காவுடையதுதான் திருட்டு மாதிரி இருக்கும்: கூட்டமாக, ஒரே இடத்திலிருந்து, ஒரே இரவில். ரீசார்ஜ் கடையில் பதிவுகள் காலை பத்திலிருந்து ராத்திரி ஒன்பது வரை சீராக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லாமல், தினம் நாலைந்தாக வந்தன. பார்க்க அதுதான் இயல்பாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் வித்தியாசம். விடுதியின் 23 பேரில் 17 பேர் இரண்டாவது ஆர்டர் போட்டிருந்தார்கள். ரீசார்ஜ் கடையின் 58-ல் ஒருவர்கூட ஆப்பை மறுபடி திறக்கவில்லை. ஒரே ஐபி, ஒரே முகவரி என்பது நம் ஊரில் குற்றமே இல்லை. விடுதி, லைன் வீடு, கூட்டுக் குடும்பம் என்று வாழ்கிற ஊர் இது. மொபைல் நெட்வொர்க்கிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பொது ஐபி வழியாகத்தான் வெளியே போகிறார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டை மாற்றினோம். அழைத்தவருக்கான பரிசு, வந்தவரின் இரண்டாவது ஆர்டர் டெலிவரி ஆன பிறகுதான். பரிசும் பணம் இல்லை: இருவருக்கும் நான்கு டெலிவரி இலவசம். டெலிவரிக் கட்டணம் 25 ரூபாய் என்பதால் வீட்டுக்கு வாங்குகிறவருக்கு அது 100 ரூபாய் மதிப்பு. வண்டி எப்படியும் அந்தப் பக்கம் போகிறது, எங்களுக்கு அவ்வளவு செலவில்லை. முக்கியமாக, இலவச டெலிவரியைப் பெட்டிக்கடையில் விற்க முடியாது. பேபால் ஆரம்பத்தில் ஆள் சேர்க்க 10 டாலர் பணமாகக் கொடுத்தது. டிராப்பாக்ஸ் இரண்டு பக்கத்துக்கும் சேமிப்பிடம் கொடுத்தது. பயன்படுத்துகிறவருக்கு மட்டும் உதவுகிற பரிசுதான் எங்களைப் போன்ற சின்னக் கடைக்குத் தாங்கும். ஒரு கோடுக்கு மாதம் பத்து பேர் தாண்டினால் பூட்டுவதில்லை. பரிசு "காத்திருப்பில்" நிற்கும், நான் பார்த்து விடுவிப்பேன்.

இதை மேல் திட்டம் வாங்காமல் நாங்களே எங்கள் சர்வரில் எழுதினோம். அதிலும் ஓர் அடி வாங்கினோம். டெலிவரி ஆனதும் எங்கள் சர்வருக்கு ஒரு செய்தி வரும். நெட் இழுத்தால் அதே செய்தி இரண்டாம் முறையும் வரும், பரிசும் இரண்டு முறை ஏறும். "ஏற்கெனவே கொடுத்தாச்சா" என்று முதலில் பார்த்துவிட்டுக் கொடுக்கிற மாதிரி எழுதினால் போதாது. இரண்டு செய்தியும் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே "இன்னும் கொடுக்கவில்லை" என்றுதான் பார்க்கும். டேட்டாபேஸே மறுக்க வேண்டும்:

```sql
CREATE UNIQUE INDEX one_reward
ON referral_rewards (invitee_id);
```

அழைக்கப்பட்ட ஒருவருக்கு ஒரே ஒரு பரிசு வரி. இரண்டாவது செய்தி வந்தால் பிழை காட்டி நின்றுவிடும். இந்த இரண்டு வரியை நீங்களும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மாடியூலில் "இரண்டாம் நிலைப் பரிசு" என்று ஒரு பொத்தான் உண்டு, நீங்கள் சேர்த்தவர் இன்னொருவரைச் சேர்த்தாலும் உங்களுக்குக் காசு. அதைத் தொடவே வேண்டாம். ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் சுழலும் திட்டங்களை 1978-ம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணத்தை விட்ட குடும்பங்கள் இன்னும் நம் கண்முன்னால் இருக்கின்றன. அவர்களிடம் போய் அந்தப் பேச்சைப் பேசக்கூடாது.

இப்போது எப்படி? ரெஃபரலில் வரும் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஏறக்குறைய பாதி. ஆனால் வருகிறவர்கள் தங்குகிறார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒருவர் யாரோ ஒருவர் கோடு சொல்லி வந்தவர். விளம்பரத்துக்கு நான் செலவு செய்த காசு எதுவும் இந்தளவு திரும்பி வந்ததில்லை. கணக்கு மட்டும் பார்த்தால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்க வேண்டிய மாடியூல்தான்.

ஆனாலும் நண்பரே, பாதி விலைக்கும் வாங்காதீர்கள். பரிசு தரும் நேரத்தை மாற்றும் வசதியை மேல் திட்டத்தில் ஒளித்து வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அது அடிப்படைத் திட்டத்திலேயே இருக்க வேண்டியது. வேறு யாரிடம் வாங்கினாலும், ஒரே வைஃபையில் ஐந்து போனை வைத்து, ஒரே முகவரியில் ஐந்து பேரைப் பதிவு செய்து பாருங்கள். அழைத்தவரின் திரையில் அப்போது என்ன எழுத்து வருகிறது என்று உங்கள் கண்ணால் படித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

அந்த அக்கா இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார், மாதம் இரண்டு முறை. விடுதிக்குப் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர் கோடில் எண்ணிக்கை அன்றைக்கு நின்ற 23-லேயே நிற்கிறது. என் சந்தா பங்குனியோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.