ஒரே சிறுகதை, ஐந்து வாரம்: இரண்டு வருட அனுபவம்

தன் சிறுகதையையும் என்னைப் போல வாரம் ஒரு பகுதியாகப் பிரித்து வெளியிடலாமா என்று நண்பர் கேட்டார். இரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். மூவாயிரம் சொல் கதை என்றால் ஐந்து பகுதி, சனிக்கிழமை காலை. அது சுலபம். எங்கே வெட்டுவது என்பதில்தான் என் உயிர் போகிறது.

முதல் கதையில் ஒருத்தி, இறந்துபோன அம்மாவின் தையல் மிஷினை விற்கிறாள். இரண்டாம் பகுதியை இப்படி முடித்தேன்: “டிராயரைத் திறந்தாள். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் கை நடுங்கியது. தொடரும்.” அடுத்த வாரம் பார்த்தால், உள்ளே அளவு எழுதிய பழைய நோட்டு. “இதுக்குத்தானா ஒரு வாரம் காக்க வச்சீங்க?” என்று ஒருவர் கேட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். அவளுக்குத் தெரிந்துவிட்டதை வாசகரிடம் மட்டும் மறைத்திருந்தேன்.

பிறகு அந்த இடத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டேன். நோட்டை அதே பகுதியில் காட்டிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் மகளின் ரவிக்கை அளவு. தேதி, இருவரும் பேச்சை நிறுத்திய பிறகானது. வாசலில் வாங்க வந்தவர் குரல்: “வண்டியில ஏத்திடலாமாக்கா?” அவ்வளவுதான், வெட்டு. இப்போது எதுவும் மறைவாக இல்லை. அவள் பதில் மட்டும் பாக்கி. அந்த வாரம் வந்த கடிதங்களில் “விற்காதே” என்று அவளிடமே கெஞ்சியிருந்தார்கள். இந்தச் சுகம், கதையை முழுசாக ஒரே நாளில் வெளியிட்டபோது எனக்குக் கிடைத்ததே இல்லை.

முன்கதைச் சுருக்கத்தையும் விட்டுவிட்டேன். மூன்றாம் பகுதி, அதே ஆள் அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதில் தொடங்கும். மறந்தவருக்கும் நினைவு வந்துவிடும். ஆனால் ஐந்தையும் சேர்த்து ஒரே கதையாகப் படித்தால் அந்த இரண்டாவது கேள்வி பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தும். சேர்த்து வைக்கும் பிரதியில் அதை எடுத்துவிட வேண்டும்.

எரிச்சல் கடைசிப் பகுதியில். கதை, அவள் மிஷினில் நூல் கோப்பதோடு முடிகிறது. வார்த்தை இல்லாத முடிவு; அதற்காகத்தான் கதையையே எழுதினேன். நான்கு வாரம், அடுத்தது என்ன என்று இழுக்கும் கொக்கி போட்டே முடித்துப் பழக்கிவிட்டதால் அதையும் கொக்கியாகவே படித்தார்கள். “முற்றும்” என்று போட்ட பிறகும் கேள்வி வருகிறது: “அடுத்த பகுதி எப்போ?” ஒவ்வொரு கதைக்கும் இதே கதிதான். நாலாம் பகுதியை மட்டும் கொக்கி இல்லாமல் சும்மா முடித்துப் பார்த்தேன். கொஞ்சம் தணிந்தது, தீரவில்லை.

நண்பரிடம், சிறுகதையை வெட்டாதே, அதன் முடிவு செத்துவிடும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அடுத்த கதையை ஆறாகப் பிரித்தேன். முதல் பகுதி இந்தச் சனிக்கிழமை.