ஸ்கைரிமின் மண்ணை மாற்றி இரண்டு வருடம் விளையாடிய அனுபவம்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டில் தரையின் மேல் போர்த்தப்படும் படமான மண் டெக்ஸ்ச்சரை நானே வரைந்து மாற்றிக்கொண்டேன். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் விளையாடுகிறேன். மாற்றிய கோப்புகள் இரண்டே இரண்டு. அவற்றில் நான் அதிகம் கற்றது நிறப் படத்தில் அல்ல, அதன் கூடவே வரும் நார்மல் மேப்பில்.

விளையாட்டின் Data கோப்புறையில் `Skyrim - Textures0.bsa` முதல் `Skyrim - Textures8.bsa` வரை ஒன்பது பொதிகள் இருக்கின்றன. பெதஸ்டா ஆர்க்கைவ் எக்ஸ்ட்ராக்டரில் அவற்றை இழுத்துப் போட்டு, மேலே உள்ள பெட்டியில் `dirt02` என்று தட்டினால் `dirt02.dds`, `dirt02_n.dds` இரண்டும் கிடைக்கும். முதலாவது நிறம். `_n` என்று முடிவது மேடுபள்ளத்தைச் சொல்லும் நார்மல் மேப். பொதியைத் திரும்பக் கட்ட வேண்டாம். அதே பெயரில், அதே பாதையில் ஒரு தனிக் கோப்பை வைத்தால் விளையாட்டு பொதியை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும்.

பாதையில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச் செய்தி எதுவும் வராது, பழைய மண்ணே தெரியும். அதனால் வரைய உட்காரும் முன் முழுக்க அடர் ரோஜா நிறத்தில் ஒரு படத்தைச் செய்து `textures\landscape\dirt02.dds` என்று வைத்துப் பார்ப்பேன். தரை ரோஜாவாக மாறினால் பாதை சரி. இந்தப் பழக்கம் எனக்கு எத்தனையோ மாலைகளை மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறது.

படம் வரையும் மென்பொருளான கிம்ப்பில் திறக்க வசதியாக, texconv என்ற கட்டளைக் கருவியால் இரண்டையும் டிஜிஏ படங்களாக மாற்றிக்கொண்டேன்:

```
texconv -ft tga dirt02.dds dirt02_n.dds
```

நிறப் படத்தில் சிக்கல் எதுவும் வரவில்லை. நார்மல் மேப்பைத் திறந்ததும் படம் பாதி கரைந்ததுபோல் வெளிறி, பின்னால் கட்டங்கள் தெரிந்தன. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து, வழக்கமாக ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா சேனலை நீக்கிப் படத்தைத் தட்டையாக்கிச் சேமித்தேன். விளையாட்டுக்குள் போனால், வெயில் நேரத்திலும் பாதை முழுவதும் இப்போதுதான் மழை பெய்து ஓய்ந்ததுபோல் பளபளத்தது. ஒளி பக்கவாட்டில் விழும் மாலையில் பார்க்கவே முடியவில்லை.

காரணம் இதுதான்: இந்த விளையாட்டு நார்மல் மேப்பின் ஆல்ஃபாவை ஒளிபுகும் தன்மைக்காக வைத்திருக்கவில்லை. எந்த இடம் எவ்வளவு மினுங்க வேண்டும் என்ற அளவு அதில்தான் இருக்கிறது. கருப்பு என்றால் மினுக்கமே இல்லை, வெள்ளை என்றால் முழு மினுக்கம். ஆல்ஃபாவை நீக்கினால் எல்லா இடமும் வெள்ளைக் கணக்கில் சேர்ந்துவிடும். மூலக் கோப்பை மறுபடி எடுத்து, அதன் ஆல்ஃபாவைத் தனி அடுக்காகப் பிரித்து, கூழாங்கற்கள் இருக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிறவிட்டு, மற்றதையெல்லாம் கருமையாகவே வைத்தேன். அப்புறம்தான் மண் மண்ணாகத் தெரிந்தது.

திரும்ப டிடிஎஸ் ஆக்க, `out` என்ற கோப்புறையை முதலில் உருவாக்கிவிட்டு:

```
texconv -f BC7_UNORM -m 0 -y -o out dirt02.tga dirt02_n.tga
```

பிசி7 ஆல்ஃபாவையும் சேர்த்துச் சுருக்கும் முறை என்பதால் அது பத்திரமாக இருக்கும். 2048 அளவுப் படம் ஒன்று சுருக்காமல் வைத்தால் 16 எம்பி, இதில் 4 எம்பி. `-m 0` மிப்மேப்களை, அதாவது படத்தின் பாதி, கால் என்று ஒரு பிக்சல் வரை சிறிதாகிப்போகும் நகல்களை, உருவாக்கும். 2048-க்கு மொத்தம் 12 நிலைகள். அவற்றுக்காக அளவு மூன்றில் ஒரு பங்கு கூடி ஐந்தே கால் எம்பிக்குச் சற்று மேல் வரும். ஒருமுறை வேறொரு மென்பொருளில் மிப்மேப் இல்லாமல் சேமித்துவிட்டேன். காலடியில் மண் அழகாக இருந்தது, பத்தடி தாண்டியதும் நடக்க நடக்கப் பொடிப்பொடியாக மினுமினுத்தது. அப்படிக் கண்டால் முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். 2048 படம் சரியாக 4 எம்பி என்றால் மிப்மேப் இல்லை.

விளையாட்டில் செய்யும் மாற்றங்களை, அதாவது மோட்களை, நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசரில் இதைத் தனி மோடாக வைத்திருப்பதால் மூல Data கோப்புறை தொடப்படாமல் இருக்கிறது. பிடிக்காத பதிப்பை ஒரு டிக் எடுத்துவிட்டுப் பழையதுக்குத் திரும்பலாம். நான் மூன்று பதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் இப்போதைய நிறத்துக்கு வந்தேன்.

இன்றுவரை முழுதாகத் தீராதது தூரத்து நிலம். மலைச்சரிவில் நின்று பார்த்தால் தொலைவில் தெரியும் தரை நம் கோப்பைப் பயன்படுத்துவதில்லை. அது `textures\terrain` கோப்புறையில் முன்கூட்டியே தீட்டி வைத்த தனிப் படங்கள். என் முதல் பதிப்பு செம்மண், அதனால் அருகில் சிவப்பு, தள்ளிப் போனால் பழைய சாம்பல் பழுப்பு என்று நடுவில் ஒரு கோடே விழுந்தது. எக்ஸ்லாட்ஜென் என்ற கருவி மூலம் அந்தப் படங்களைப் புதிதாக உருவாக்கலாம், ஆனால் இரண்டு கோப்புகளுக்காக முழு உலகத்தையும் மறுபடி தீட்டுவது எனக்கு அதிகமாகப் பட்டது. மூலப் படத்தை ஒரே பிக்சலாகச் சுருக்கி அதன் சராசரி நிறத்தை எடுத்துக்கொண்டு, என் மண்ணின் சராசரியையும் அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். செம்மை போய்விட்டது. கூழாங்கற்களும் விரிசல்களும் என்னுடையவையாக இருக்கின்றன, எல்லைக்கோடு இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.