தினமும் ரெண்டு மணி நேரம் காலியா விட்டுப் பாத்ததுல ரெண்டு வருஷ அனுபவம்

குன்னூர்ல எலக்ட்ரிகல், பிளம்பிங் வேலை பாக்குறேன், நானும் கூட ஒரு பையனும். காலைல 9லருந்து சாயங்காலம் 6 வரைக்கும், சாப்பாடு போக கைல 8 மணி நேரம். முன்னாடி அந்த எட்டு மணி நேரத்துக்கும் வேலை ஒத்துக்குவேன். காலைல ஏழரைக்கு ஒரு அம்மா போன் பண்ணி "தம்பி, கீசர்ல சுடுதண்ணியே வரல, வீட்ல கைக்குழந்தை இருக்கு"ன்னா இந்தக் குளிர்ல போகாம இருக்க முடியுமா, போயிட்டா அன்னிக்கு சொல்லி வெச்ச ஒரு வீடு நாளைக்குத் தள்ளிப் போகும், நாளைக்கு உள்ளது நாளன்னிக்கு, சனிக்கிழமை ஆனா நாலு வீட்டுக்காரங்க கோவமா இருப்பாங்க.

இப்படி திடீர்னு வர்ற வேலைக்குன்னு தினமும் சும்மா ஒரு மணி நேரம் காலியா விட்டுப் பாத்தேன், பத்தல. அப்புறம்தான் நோட்டு போட்டேன். எதிர்பாராம வந்த வேலை ஒவ்வொண்ணுக்கும் போக வர நேரத்தையும் சேத்து எத்தனை நிமிஷம்னு எழுதினேன். இங்க கீழ ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கற வீடுன்னாலும் வளைவு, படிக்கட்டு, பாதி வழில வண்டிய விட்டுட்டு சாமான தூக்கிட்டு நடக்கறதுன்னு அரை மணி போயிரும், அத விட்டுட்டு எழுதினா கணக்கே பொய்.

20 வேலை நாள் எழுதினதுல மொத்தம் 26 மணி நேரம் வந்துச்சு. பங்கு போட்டா நாளைக்கு 1 மணி 18 நிமிஷம். இந்த சராசரிய நம்பித்தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ரெண்டு நாள் ஒரு போன் கூட வரல, ஒரு நாள் மட்டும் நாலே முக்கா மணி நேரம் போச்சு, அது கிணத்து மோட்டார் காயில் போன நாள். சராசரி அளவுக்கே விட்டிருந்தா 20ல 7 நாள் பிளான் உடைஞ்சிருக்கும். எல்லா நாளையும் சின்னதுலருந்து பெருசா வரிசையா எழுதிப் பாத்தா 2 மணி நேரத்துக்குள்ள 17 நாள் அடங்குது. இன்னும் ரெண்டு நாளையும் சேத்து அடக்கணும்னா மூணரை மணி நேரம் விடணும், அது நம்ம வருமானத்துக்குக் கட்டாது. அதனால 2 மணின்னு முடிவு பண்ணேன். மீதி 3 நாளுக்கு வேற வழி வெச்சேன், ஒவ்வொரு நாளும் கடைசி வேலைய "மழை, அவசரம்னா மறுநாள் வருவேன்"னு முன்னாடியே சொல்லி ஒத்துக்கிட்டவங்களுக்கு மட்டும் குடுப்பேன்.

முதல் மாசம் ஒரு தப்பு பண்ணேன். பழைய பங்களா ஒண்ணுல ரெண்டு மணி நேரம்னு போன வயரிங், சுவத்த தட்டுனதும் நாலு மணி ஆச்சு, அதையும் எதிர்பாராத வேலைல எழுதிட்டேன். அது எதிர்பாராத வேலை இல்ல, நான் போட்ட மதிப்பு தப்பு. அதுக்கு மருந்து, அடுத்த தடவ பழைய வீட்டுக்கு நேரத்தக் கூட்டிச் சொல்றதுதான். ரெண்டையும் கலந்தா காலி நேரம் வீங்கிட்டே போகும், ஆனா வேலை இழுக்கறது நிக்காது.

அந்த ரெண்டு மணிய நாள் கடைசில மொத்தமா வைக்கக் கூடாதுங்க. இங்க நாலு மணிக்கு மூடுபனி இறங்கிட்டா கூரை மேல ஏற முடியாது. இப்ப 11.30லருந்து 12.30 ஒண்ணு, 4லருந்து 5 ஒண்ணு. காலைல வர்ற கீசர் போன் எல்லாம் முதல் காலி நேரத்துக்குப் போகும், தண்ணி ஓடுது, ஷாக் அடிக்குது, தீஞ்ச வாசம் வருதுன்னா மட்டும் உடனே கிளம்புவேன். அதுலயும் ஷாக், தீஞ்ச வாசம்னா முதல்ல மெயின ஆஃப் பண்ணச் சொல்லிட்டுத்தான் வண்டிய எடுப்பேன். "பதினொண்ணரைக்கு வர்றேம்மா"ன்னு மணி சொன்னா பெரும்பாலும் யாரும் கோவிச்சுக்கறதில்ல, "வர்றேன் வர்றேன்"னு சொன்னாத்தான் பத்து தடவ போன் வரும்.

காலி நேரம் மிஞ்சுமேன்னு கேப்பீங்க, மிஞ்சும். அந்த 20 நாளுக்கே கணக்கு போட்டா கிட்டத்தட்ட 19 மணி நேரம் மிஞ்சியிருக்கும். அதுக்கு ஒரு சீட்டு பாக்கெட்லயே இருக்கு, குழாய் வாஷர் மாத்தறது, பில் எழுதறது, பாக்கி வாங்கறது, எல்லாம் 40 நிமிஷத்துக்குள்ள முடியறது, யாருக்கும் நாள் குறிச்சுக் குடுக்காதது. நாள் குறிச்ச வேலைய அதுல சேத்தா அப்புறம் அது காலி நேரமே இல்ல.

ஒரு தடவ கணக்கு போட்டா வருஷம் பூரா ஓடாது. ஏப்ரல், மே சீசன்ல காட்டேஜ்காரங்க போன் அதிகம், அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைல மரம் விழுந்து கரண்ட் போய் வந்து இன்வர்ட்டர் போர்டு, மோட்டார்னு வரிசையா வரும். ரெண்டு சீசன் ஆரம்பத்துலயும் 12 நாள் மறுபடி எழுதுறேன். போன மழைக்கு 3 மணி நேரம் தேவைப்பட்டுச்சு, ஜனவரில திரும்ப 2க்கு வந்துட்டேன். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல கடைசி வேலை தள்ளிப் போச்சுன்னா சீசனுக்குக் காத்திருக்க மாட்டேன், அன்னிக்கே நோட்ட எடுத்துருவேன்.