டிசம்பர் 31 இரவு விருந்து: டேபிள் எண்ணா, கைவளையமா?

டிசம்பர் இரண்டாவது வாரம் தொடங்கியதுமே உணவகங்களின் புத்தாண்டு இரவு விருந்து அழைப்புகள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கிவிடுகின்றன. குடும்பத்துடன் வரலாம், குழந்தைகளுக்கு விளையாட்டு உண்டு, நேரடி இசை உண்டு என்று எல்லா அழைப்புகளும் ஒரே மாதிரி பேசுவதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் முதல் ஆண்டு நாங்கள் தவறினோம். நங்கநல்லூரில் வசிக்கும் எங்கள் வீட்டில் நானும் கணவரும், எழுபது வயதைக் கடந்த மாமியார், கடந்த ஆண்டு ஒன்பது வயதான மகள், நான்கு வயதான மகன் என ஐந்து பேர். முதல் ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு ரிசார்ட்டின் புல்வெளி விருந்துக்குச் சென்றோம். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அடையாறில் உள்ள ஒரு நடுத்தர உணவகத்தின் முதல் பந்திக்குச் சென்றோம். இவ்விரண்டையும் ஒப்பிட்டே எழுதுகிறேன். என் சாய்வு இரண்டாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரிசார்ட்டில் பெரியவர்களுக்கு 3,500 ரூபாய், ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குப் பாதி, அதற்குக் கீழே இலவசம். அடையாறு உணவகத்தில் பெரியவர்களுக்கு 1,800, ஐந்து முதல் பத்து வயதுக்குப் பாதி. ஆனால் இரண்டு அழைப்புகளிலுமே ‘வரி தனி’ என்ற இரண்டு சொற்கள் கடைசி வரியில் இருந்தன. அந்த வரி விகிதம் இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிகளின் உணவகங்களில் ஜிஎஸ்டி 18 சதவீதம். தனித்து இயங்கும் சாதாரண உணவகங்களில் 5 சதவீதம். எனவே எங்கள் ஐவருக்கு ரிசார்ட்டில் 12,250 ரூபாய் என்று நினைத்தது 14,455 ஆனது. அடையாறில் 6,300 என்பது 6,615-இல் நின்றது. பாதிக்கும் மேல் வித்தியாசம் இருந்தாலும், ரிசார்ட்டில் அந்தப் பணத்துக்கு உரிய உணவு வகைகளும் மேடை நிகழ்ச்சியும் இருந்தன என்பதால், விலையை மட்டும் வைத்து அதை நான் தள்ளிவிடவில்லை.

தள்ளியதற்குக் காரணம் இருக்கை. குழந்தையோ முதியவரோ உடன் வரும் குடும்பத்துக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரிசார்ட்டின் அழைப்பில் ‘இரவு 8 மணி முதல் 12.30 வரை, நுழைவுக்குக் கைவளையம் கட்டாயம், முதலில் வருபவருக்கு இருக்கையில் முன்னுரிமை’ என்று இருந்தது. முன்னுரிமை என்ற சொல்லை நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. வேளச்சேரி நெரிசலைக் கடந்து எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேடையைச் சுற்றிப் போட்டிருந்த வட்ட மேசைகள் அனைத்திலும் கைப்பைகளும் சால்வைகளும் இடம் பிடித்திருந்தன. என் கண்ணுக்குத் தெரிந்தவரை இருபது மேசைகள். மேசைக்குப் பத்து நாற்காலி என்றாலும் இருநூறு பேருக்கு இடம். புல்வெளியில் இருந்தவர்களோ அதைவிட நன்றாகவே அதிகம். ஊழியர் ஒருவர் பெரிதும் வருந்தி எங்கிருந்தோ மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். அதற்கு முந்தைய நாள் பெய்த மழையில் புல்தரை ஊறியிருந்ததால், மாமியார் உட்கார்ந்ததும் நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் மண்ணில் இறங்கின. மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி அவரால் சாப்பிட முடியவில்லை. “நீ போய்ப் பிள்ளைங்களைப் பாரும்மா, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்” என்று அவர் சொன்னபோதே அந்த இரவு எங்களுக்கு முடிந்துவிட்டது.

இதை அந்த ரிசார்ட்டின் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். அமைப்பிலேயே இருக்கும் குறை இது. பஃபே விருந்துகளில் நாற்காலிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே அனுமதி கொடுப்பது வழக்கம். கல்யாண வரவேற்பைப் போல, சிலர் முன்னதாகச் சாப்பிட்டுக் கிளம்புவார்கள், அந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருவார் என்ற கணக்கு அது. மற்ற நாட்களில் அந்தக் கணக்கு சரியாகவே வரும். டிசம்பர் 31 அன்று மட்டும் வராது, ஏனென்றால் பன்னிரண்டு மணி அடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருப்பதில்லை. எட்டு மணிக்குப் பிடித்த நாற்காலி பன்னிரண்டரைக்குத்தான் காலியாகும். ஆக, கைவளையம் உள்ளே நுழைவதற்கான உரிமையே தவிர, உட்காருவதற்கான உரிமையல்ல.

அடையாறு உணவகத்தின் அழைப்பில் இதற்கு நேர்மாறாக, முதல் பார்வையில் சற்றுக் கடுமையாகத் தோன்றிய ஒரு நிபந்தனை இருந்தது. முதல் பந்தி மாலை 6.45 முதல் 9.15 வரை, இரண்டாம் பந்தி இரவு 9.45 முதல் 12.15 வரை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் டேபிள் எண் ஒதுக்கப்படும், குறித்த நேரத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமானால் டேபிள் பிறருக்குக் கொடுக்கப்படும், முதல் பந்தியினர் 9.15-க்கு எழுந்துகொள்ள வேண்டும். என் கணவருக்கு இந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. பணம் கொடுத்துச் சாப்பிடும் இடத்தில் எழுப்பிவிடுவதா என்றார். யோசித்துப் பார்த்தால், நமக்கு இருக்கையை உறுதி செய்வதே அந்த வாக்கியம்தான். எழுந்துகொள்ள நேரம் குறித்திருப்பதால்தான் அவர்களால் இருக்கும் நாற்காலிக்கு மட்டும் ஆள் எடுக்க முடிகிறது. ஒரே இரவில் இரண்டு முறை அதே மேசையை நிரப்பிக் கணக்கை நேர்செய்ய முடிகிறது. எழுந்துகொள்ளும் நேரம் குறிப்பிடாத அழைப்பில், டேபிள் எண்ணும் இல்லையென்றால், நாற்காலிக்கு நாம்தான் ஓட வேண்டியிருக்கும்.

டேபிள் எண் என்று இருந்தாலும் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ‘ஐந்து பேர்’ என்று நாம் சொல்லும்போது, நான்கு வயதுக் குழந்தை இலவசம் என்பதால் நான்கு நாற்காலியே ஒதுக்கிவிடுகிறார்கள். கட்டணம் இல்லாத குழந்தைக்கும் நாற்காலி உண்டா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். முதல் முறை நான் கேட்டபோது மேலாளர் ஒரு நொடி யோசித்து, “நாலு பேர் டேபிள்தான் போட்டிருக்கேன் மேடம், மாத்திடறேன்” என்றார். அடுத்து, அது நமக்கே உரிய டேபிளா, வேறொரு குடும்பத்துடன் பகிரும் நீள மேசையா என்பது. மூன்றாவதாக, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் கேட்டுச் சுவரோரமாக இடம் வாங்கினேன். மாமியார் காதுக்கருவி அணிபவர் என்பதால் எங்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

முதல் பந்தியில் குறை இல்லாமல் இல்லை. நள்ளிரவு அங்கே கிடையாது. ஒன்பது மணிக்குக் குழந்தைகளுக்காக விளக்கை அணைத்துப் பத்திலிருந்து எண்ணி, கேக் வெட்டினார்கள். என் மகனுக்கு அதுவே புத்தாண்டு. மகளுக்கோ அது மூன்று மணி நேரம் முன்னதாக நடக்கும் பொய்க் கணக்கு என்று தெரிந்திருந்தது, அதை வாய்விட்டும் சொன்னாள். அங்கே முதல் முறை நாங்கள் ஏழு மணிக்குச் சென்றதால் இனிப்புக்கு வரும்போதே பக்கத்து மேசைகளில் விரிப்பை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு 6.40-க்கே வாசலில் நின்றோம், அவசரம் தெரியவில்லை. நள்ளிரவுத் தேவாலய ஆராதனைக்குச் செல்லும் குடும்பங்கள் சில அதே பந்தியில் இருந்தன. ஒன்பதே காலுக்கு எழுந்தால் வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு கிளம்ப அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

அந்த உணவகத்தின் இரண்டாம் பந்தியை நான் அனுபவித்ததில்லை. வெளியே வரும்போது பார்த்ததை மட்டும் சொல்ல முடியும்: 9.15-க்கு நாங்கள் எழுந்தபோதே நடைபாதையில் முப்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். தோளில் தூங்கும் குழந்தையோடு இரண்டு தாய்மார் படியில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பந்தி கால் மணி நேரம் நீண்டாலும் அதன் சுமை இரண்டாம் பந்தியினர் மீதுதான் விழும். பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு அது ஒரு பொருட்டாக இருக்காது.

வீடு திரும்புவதையும் நேரத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். சென்னையில் ஆண்டுதோறும் இந்த இரவில் மெரினா, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைகளில் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்படும், மேம்பாலங்களும் மூடப்படும். அடையாறிலிருந்து ஒன்பதரைக்குக் கிளம்பி, சுற்றுவழியில் வந்தும் பத்தேகாலுக்கு வீட்டில் இருந்தோம். ரிசார்ட்டிலிருந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பிய இரவில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாகனச் சோதனைகளில் நின்று நின்று வீடு சேர இரண்டு மணியைத் தாண்டிவிட்டது.

நுழைவு விதிகளில் எங்களைப் பாதித்தது ஒன்றே. ரிசார்ட்டில் ஒருமுறை வெளியே சென்றால் மறுநுழைவு இல்லை. தூங்கிவிட்ட மகனை அரைமணி நேரம் காரில் படுக்கவைக்கலாம் என்று நினைத்த கணவரை வாசலில் நிறுத்தி, கைவளையத்தை வெட்டிவிட்டுத்தான் வெளியே விடுவோம் என்றார்கள். விதி அழைப்பிலேயே சிறிய எழுத்தில் இருந்தது. சிறு குழந்தை உள்ளவர்கள் முன்பணம் அனுப்பும் முன் அந்த வரியைத் தேட வேண்டும். முன்பணம் திரும்பாது என்பது இரண்டு இடங்களிலும் பொது. அடையாறில் மட்டும் டிசம்பர் 28 வரை வேறு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

இந்த ஆண்டு மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. முதல் பந்திக்கே சொல்லியிருக்கிறேன். ஐந்து நாற்காலி, சுவரோர டேபிள் என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பிவிட்டார். நள்ளிரவுக்கு மகள் விழித்திருந்து, மொட்டை மாடியில் நின்று பக்கத்துத் தெரு வாணவேடிக்கையைப் பார்க்கப் போகிறாளாம். மாமியாரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.